பணம் கழிந்தது, போய்ச் சேரவில்லை: வங்கிக்கு எந்த வழியில் எழுதுவது?

நெட்பேங்கிங்கில் பணம் அனுப்பியாயிற்று. நம் கணக்கில் கழிந்துவிட்டது, எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துவிட்டது. வாங்க வேண்டியவரோ "இன்னும் வரலையே" என்கிறார். இந்த நிலையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆப்பில் புகார் பட்டனை அழுத்து என்பார் ஒருவர், கஸ்டமர் கேருக்குப் போன் போடு என்பார் இன்னொருவர், கிளைக்கு நேரில் போய் லெட்டர் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்பார் மூன்றாமவர். எல்லா வழிகளிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வழி, எப்போது, எந்த வகைப் பரிமாற்றத்துக்கு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இறங்கினால் வாரக்கணக்கில் இழுத்துவிடும். இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்தியாவுக்குள், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணம். முக்கியமாக ஐ.எம்.பி.எஸ். வழி அனுப்பியது. யூ.பி.ஐ.யும் என்.இ.எஃப்.டி.யும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே மட்டும் அவற்றைச் சொல்கிறேன்.

விஷயம் பிடிபட ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் இருக்கும் செல்வி, சென்னையில் பார்த்த வீட்டுக்கு அட்வான்ஸாக 45,000 ரூபாயை வீட்டு ஓனரின் கணக்குக்கு ஐ.எம்.பி.எஸ்.ஸில் அனுப்புகிறார். நாள் 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை, மாலை 6.42. பணம் உடனே கழிந்துவிட்டது. திரையில் வெற்றி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை. "செயல்பாட்டில் உள்ளது" என்று மட்டும் நிற்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஓனர் போன் செய்து, பணம் வரவில்லை, வீட்டைப் பார்க்க வேறு ஆட்களும் வருகிறார்கள் என்கிறார்.

அன்றிரவே எழுதுவதா, பொறுப்பதா

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். அன்றிரவே எழுதினால் பெரும்பாலும் "ஒரு நாள் பொறுங்கள்" என்ற பதிலோடு புகாரை முடித்துவிடுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தோல்வியடைந்த பரிமாற்றங்களை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் எவ்வளவு இழப்பீடு என்பதை அது வகைவாரியாகச் சொல்கிறது. ஐ.எம்.பி.எஸ்.ஸிலும், நபருக்கு நபர் அனுப்பும் யூ.பி.ஐ.யிலும் பணம் கழிந்து எதிர்க் கணக்கில் வரவாகவில்லை என்றால், பெறுநரின் வங்கி அதை மறுநாளுக்குள் தானாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே அந்த இழப்பீட்டைக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. யூ.பி.ஐ.யில் கடைக்குக் கட்டிய பணமாக இருந்து, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி போகாமல் நின்றிருந்தால் மட்டும் கெடு ஐந்து நாள்.

நாள் கணக்கில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இது வங்கி வேலைநாள் கணக்கு இல்லை, காலண்டர் நாள். செல்வி அனுப்பியது வெள்ளி. மறுநாள் மார்ச் 8, இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அதற்கடுத்தது ஞாயிறு. கஸ்டமர் கேரில் "திங்கட்கிழமையிலிருந்து நாள் எண்ணுங்கள்" என்று சொல்லக்கூடும். அப்படி எண்ண வேண்டியதில்லை. கெடு சனிக்கிழமை நள்ளிரவோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நூறு ரூபாய் ஓட ஆரம்பிக்கிறது.

ஆகவே என் யோசனை: அன்றிரவு எழுத வேண்டாம், ஆனால் ஆதாரங்களை அன்றிரவே எடுத்து வையுங்கள். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள், ஸ்டேட்மென்ட்டை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். கெடு முடிந்த மறுநாள் காலை எழுதுங்கள். செல்விக்கு அது ஞாயிறு காலை. ஓனருக்கு அவசரமாகப் பணம் தேவை என்பதற்காக இரண்டாவது தடவை அனுப்புவதாக இருந்தால், முதல் பணம் தாமதமாகப் போய்ச் சேரவும் வாய்ப்பு இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லி, சேர்ந்தால் திருப்பித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொண்டு அனுப்புவது நல்லது.

இந்த ஒரு நாள் பொறுமை ஒரே ஒரு நிலையில் பொருந்தாது. யாரோ ஏமாற்றி அனுப்பவைத்தார்கள், அல்லது நீங்கள் அனுப்பவே இல்லை என்றால், அது தோல்வியடைந்த பரிமாற்றம் இல்லை, மோசடி. அதற்கு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

எந்த எண்ணைக் கொடுப்பது

எந்த வழியில் எழுதினாலும் புகார் நகர்வது ஓர் எண்ணை வைத்துத்தான். ஐ.எம்.பி.எஸ்.ஸுக்கும் யூ.பி.ஐ.க்கும் அது பன்னிரண்டு இலக்க ஆர்.ஆர்.என். சில ஆப்களில் யூ.டி.ஆர். என்றும், "வங்கிக் குறிப்பு எண்" என்றும் அதையே போட்டிருப்பார்கள். செல்வியின் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
07-03-2025  IMPS/P2A/506618204471/  45,000.00 DR
```

நடுவில் இருக்கும் 506618204471 தான் நமக்கு வேண்டியது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சரிபார்க்கவும் உதவும். முதல் இலக்கம் 5, அதாவது 2025. அடுத்த மூன்று இலக்கம் 066, ஆண்டின் அறுபத்தாறாவது நாள், மார்ச் 7. அதற்கடுத்த 18 பெரும்பாலான வங்கிகளில் மணியைக் குறிக்கும், மாலை ஆறு மணி. எண்ணை மாற்றி எழுதிவிட்டோமா, வேறு நாள் அனுப்பியதை எடுத்துக் கொடுத்துவிட்டோமா என்று இதை வைத்தே பார்த்துவிடலாம்.

யூ.பி.ஐ. ஆப்பில் ஒரு குழப்பம் நடக்கிறது. திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பல நேரம் அந்த ஆப் நிறுவனம் தனக்காகப் போட்டுக்கொண்ட எண், எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். அதை வங்கிக்குக் கொடுத்தால் அவர்கள் சிஸ்டத்தில் தேடக் கிடைக்காது. "இப்படி ஒரு பரிமாற்றம் இல்லை" என்று பதில் வந்துவிடும். கீழே சின்னதாக இருக்கும் பன்னிரண்டு இலக்கத்தைத் தேடி எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்டேட்மென்ட்டில் இருப்பதை நம்புங்கள். என்.இ.எஃப்.டி. என்றால் யூ.டி.ஆர். பதினாறு எழுத்துகள், ஆர்.டி.ஜி.எஸ். என்றால் இருபத்திரண்டு. அவை எழுத்தில் தொடங்கும். சுழி எது, ஆங்கில ஓ எது என்று பார்த்து எழுத வேண்டும். முடிந்தால் கையால் எழுதாமல் நகலெடுத்து ஒட்டிவிடுங்கள்.

வழிகளை ஒப்பிட்டால்

போனில் சொல்வது வேகமானது, செலவில்லாதது, ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்கு உங்களிடம் எழுத்து எதுவும் மிஞ்சாது. எதிர்முனையில் இருப்பவர் தன் வார்த்தையில் சுருக்கிப் பதிவு செய்வார். ஆர்.ஆர்.என்.னில் ஓர் இலக்கம் மாறினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போக வேண்டி வந்தால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதனால் போனை நிலவரம் விசாரிக்க வைத்துக்கொள்ளலாம், புகாரின் தொடக்கமாக அல்ல. அப்புறம், அந்த எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். டெபிட் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ இருப்பதைப் பாருங்கள். போலி கஸ்டமர் கேர் எண்கள் குறிவைப்பது சரியாக இந்த நிலையில் இருப்பவர்களைத்தான்.

ஆப்பில் இருக்கும் புகார் பட்டன் யூ.பி.ஐ.க்கு மட்டும் நல்ல முதல் படி. அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து அங்கேயே புகார் எழுப்பினால் எண், நேரம், தொகை எல்லாம் தானாகவே சேர்ந்து போகும், தப்பாகத் தட்டச்சு செய்ய வழியில்லை. யூ.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் தகராறு அமைப்போடு அது இணைந்திருப்பதால் எதிர் வங்கியின் நிலவரமும் சீக்கிரம் தெரியும். ஐ.எம்.பி.எஸ்.ஸையும் என்.இ.எஃப்.டி.யையும் வங்கியின் நெட்பேங்கிங்கில் அனுப்பியிருந்தால் இந்த வசதி எல்லா வங்கியிலும் கிடைப்பதில்லை.

அடுத்தது வங்கியின் இணையப் புகார்ப் பக்கம். ஐ.எம்.பி.எஸ்.ஸுக்கு என் தேர்வு இதுதான். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். சமர்ப்பித்த நொடியில் தேதியோடு புகார் எண் வந்துவிடும். புகார் நேராக மையப் பிரிவுக்குப் போகும். எதிர் வங்கியோடு கணக்குச் சரிபார்க்கும் வேலை நடப்பது அங்கேதான், கிளையில் அல்ல. குறை என்னவென்றால் அந்தப் பக்கங்களில் எழுத இடம் குறைவு, சில இடங்களில் ஒரு சின்னப் பத்திதான். பொருந்தாத பிரிவைத் தேர்ந்தெடுத்தால் புகார் வேறு மேசைக்குப் போய்விடும். "நிதிப் பரிமாற்றம்: கணக்கில் கழிந்தது, பெறுநருக்கு வரவாகவில்லை" என்ற பொருளில் இருக்கும் பிரிவைப் பொறுமையாகத் தேடி எடுங்கள். பிரிவு சரியாக இல்லாத புகார் பொதுவான பதிலோடு முடிந்துவிடுவது வழக்கம்.

கிளையில் கடிதம் கொடுப்பது மெதுவானது. கிளை மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவர் செய்யக்கூடியது உங்கள் கடிதத்தை மையப் பிரிவுக்கு அனுப்புவதும், அங்கே ஆள் பிடித்து விசாரிப்பதும்தான். ஆனால் மூன்று நிலைகளில் கிளையே மேல். தொகை பெரியதாக இருக்கும்போது. இணையப் புகார் "பரிமாற்றம் வெற்றி" என்று ஒற்றை வரியில் முடிக்கப்படும்போது. வயதானவர்கள், நெட்பேங்கிங் இல்லாதவர்கள் எழுதும்போது. இரண்டு பிரதி எடுத்துப் போய், இரண்டாவது பிரதியில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். "கொடுத்துட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டால் பணிவாக நின்று முத்திரை கேளுங்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சமூக ஊடகத்தில் வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது என்று சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வங்கி ஊழியர் பேசுவது போலப் பேசும் போலிக் கணக்குகள் அந்தப் பதிவுக்கு அடியில் சில நிமிடங்களில் வந்து நிற்கும்.

நம் வங்கிக்கா, பெறுநரின் வங்கிக்கா

பணம் அங்கேதான் சிக்கியிருக்கிறது என்றால் அங்கேயே கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஐ.எம்.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். நம் வங்கி பணத்தைக் கழித்துச் செய்தியை அனுப்பிவிட்டது. எதிர் வங்கியின் சிஸ்டம் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. வரவாகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு பரிமாற்றம் தொங்கலில் நிற்கிறது. பிறகு இரு வங்கிகளின் கணக்கும் ஒத்துப் பார்க்கப்படும்போது, எதிர் வங்கி ஒன்று வரவு வைத்துவிட்டதாக உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவரை பணம் எதிர் வங்கியின் உள்கணக்கு ஒன்றில் கிடக்கும்.

ஆனாலும் செல்வி அந்த வங்கியின் வாடிக்கையாளர் இல்லை. அவர் கேட்டால் அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் இல்லை, ஓனரின் கணக்கு விவரத்தைச் சொல்லவும் கூடாது. அதனால் செல்வி எழுத வேண்டியது தன் வங்கிக்கு. எதிர் வங்கிக்கு எழுத வேண்டியவர் ஓனர். அதே ஆர்.ஆர்.என்.னைக் குறிப்பிட்டு "இந்த எண்ணில் எனக்கு 45,000 ரூபாய் வந்திருக்க வேண்டும், என் கணக்கில் வரவாகவில்லை, உங்கள் உள்கணக்கில் நிற்கிறதா என்று பாருங்கள்" என்று தன் கிளையில் ஒரு கடிதம் கொடுத்தால், இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் தேடப்படும். ஓனருக்கு நேரமில்லை என்றால் குறைந்தபட்சம் அவரிடமிருந்து மார்ச் 7 முதல் அன்றைய தேதி வரையிலான ஸ்டேட்மென்ட்டை, மற்ற வரவுகளை மறைத்தாவது, வாங்கிவிடுங்கள். பணம் வரவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று நம் கையில் இருக்காது.

வாங்கும்போதே அவருடைய கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நாம் அனுப்பியதோடு ஒத்துப் பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் கதையே வேறு. வங்கிகள் வரவு வைப்பது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. தவறான எண்ணில் ஒரு கணக்கு இருந்தால் பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது தானாகத் திரும்பாது, நாளுக்கு நூறு ரூபாயும் கிடையாது. அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் வங்கியால் திருப்ப முடியும். அதற்கு எழுதும் கடிதமும் வேறு, "தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டேன்" என்று வெளிப்படையாகச் சொல்லி எழுத வேண்டும்.

ஐ.எம்.பி.எஸ்.ஸா, என்.இ.எஃப்.டி.யா: கோரிக்கை எங்கே மாறுகிறது

கடிதத்தில் இழப்பீடு கேட்கும்போது எந்த வழியில் அனுப்பினோம் என்பது முக்கியம். என்.இ.எஃப்.டி. அரை மணிக்கொரு தொகுப்பாகப் போகிறது. தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எதிர் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு நூறு ரூபாய் என்ற கணக்கு இங்கே இல்லை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இரண்டு சதவீதம் சேர்த்து, தாமதமான நாட்களுக்கு வட்டி. 2025 மார்ச்சில் ரெப்போ 6.25 சதவீதம்; ஆக 8.25. செல்வியின் 45,000 ரூபாய் என்.இ.எஃப்.டி.யில் ஏழு நாள் தாமதமாகியிருந்தால் சுமார் 71 ரூபாய்தான். அதே ஏழு நாள் ஐ.எம்.பி.எஸ்.ஸில் 700 ரூபாய். பத்து லட்சம் போன்ற தொகைக்கு இது தலைகீழாகும். அங்கே வட்டி ஒரு நாளைக்கே 226 ரூபாய் வரும். ஆகவே என்.இ.எஃப்.டி. கடிதத்தில் நூறு ரூபாய் கேட்டு எழுதினால் அது பொருந்தாத கோரிக்கை என்று தள்ளிவிடுவார்கள், கூடவே மற்றதையும் மேலோட்டமாகப் பார்ப்பார்கள்.

என்.இ.எஃப்.டி.யில் இன்னொன்றையும் கவனிக்கலாம். எதிர்க் கணக்கில் வரவானதும் அனுப்பியவருக்கு உறுதிச் செய்தி வரும். அந்தச் செய்தி வந்திருந்தும் பெறுநர் இல்லை என்கிறார் என்றால் முதலில் கணக்கு எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடிதம்

பலர் எழுதும் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "நான் பல வருடமாக உங்கள் வாடிக்கையாளர். வீட்டு அட்வான்ஸுக்காக அவசரமாகப் பணம் அனுப்பினேன். பணம் போகவில்லை. மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன்." உளைச்சல் உண்மைதான். ஆனால் மையப் பிரிவில் அதைப் படிப்பவருக்கு முதல் இரண்டு வரியில் தேடும் எண் கிடைக்காவிட்டால், விவரம் கேட்டு ஒரு பதில் அனுப்பிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அங்கே மூன்று நாள் போய்விடும். பொருள் வரியிலேயே எல்லாம் இருக்க வேண்டும். செல்வியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: 07.03.2025 ஐ.எம்.பி.எஸ்., ரூ.45,000, ஆர்.ஆர்.என். 506618204471 – கணக்கில் கழிந்தது, பெறுநருக்கு வரவாகவில்லை – பணத்தைத் திருப்பவும் இழப்பீடு வழங்கவும் கோரிக்கை.
>
> ஐயா / அம்மா,
>
> தங்கள் கிளையில் உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து (எண் 4417 என முடிவது) 07.03.2025 மாலை 6.42 மணிக்கு நெட்பேங்கிங் மூலம் ரூ.45,000 கழிக்கப்பட்டது. பெறுநரின் கணக்கு எண், வங்கி, ஐ.எஃப்.எஸ்.சி. ஆகியவை இணைப்பில் உள்ளன.
>
> அத்தொகை இன்றுவரை பெறுநரின் கணக்கில் வரவாகவில்லை. அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட் (07.03.2025 முதல்) இணைக்கப்பட்டுள்ளது. என் கணக்குக்கும் தொகை திரும்பவில்லை.
>
> ரிசர்வ் வங்கியின் 20.09.2019 நாளிட்ட சுற்றறிக்கைப்படி 08.03.2025-க்குள் தொகை திரும்பியிருக்க வேண்டும். ஆகவே, ரூ.45,000-ஐ என் கணக்கில் வரவு வைக்கவும், 09.03.2025 முதல் திரும்பும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> தொகை பெறுநருக்கு வரவாகிவிட்டது என்பது தங்கள் முடிவானால், வரவான தேதி, நேரம், வரவான கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள், பெறுநர் வங்கியின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டுகிறேன்.
>
> முந்தைய புகார்: இணையப் புகார் எண் ……, நாள் 09.03.2025.

இதில் கடைசிக்கு முந்தைய பத்தியைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. நான் மிக முக்கியமாகக் கருதுவது அதைத்தான். "வெற்றி" என்ற ஒற்றைச் சொல்லோடு புகாரை முடிப்பதற்கு அது தடை போடுகிறது. வரவான கணக்கின் கடைசி நான்கு இலக்கம் கேட்டால், யாரோ ஒருவர் எதிர் வங்கியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கும்போதே பணம் உள்கணக்கில் நிற்பது வெளியே வரும்.

இணையப் பக்கத்தில் இடம் குறைவாக இருந்தால் பொருள் வரியையும் இந்தப் பத்தியையும் மட்டும் போட்டுவிட்டு மற்றதை இணைப்பாகச் சேர்த்தால் போதும். கிளைக்குத் தமிழில் எழுதுவதில் தயக்கம் வேண்டாம். ஆனால் கடிதம் வெளி மாநிலத்தில் இருக்கும் மையப் பிரிவுக்குப் போகக்கூடும் என்பதால் தேதி, தொகை, எண்கள் எல்லாவற்றையும் இலக்கத்தில் எழுதுங்கள், பொருள் வரியை ஆங்கிலத்திலும் ஒரு முறை போட்டுவிடுங்கள். பின் நம்பர், ஓ.டி.பி., கார்டு எண், நெட்பேங்கிங் கடவுச்சொல் எதையும் எந்தக் கடிதத்திலும் எழுதக் கூடாது. இந்தப் புகாருக்கு அவை தேவையே இல்லை. யாராவது கேட்டால் அவர் வங்கியைச் சேர்ந்தவர் இல்லை.

"வெற்றி" என்று பதில் வந்தால்

செல்வி ஞாயிற்றுக்கிழமை காலை இணையத்தில் புகார் வைத்தார். புதன்கிழமை, மார்ச் 12 அன்று, "பரிமாற்றம் வெற்றிகரமாக முடிந்தது, பெறுநரின் வங்கியை அணுகவும்" என்று பதில் வந்து புகார் மூடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் சோர்ந்து, போனில் சண்டை போட ஆரம்பிக்கிறார்கள். அதைவிட, மூடிய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு, மேலே உள்ள கடிதத்தை வியாழக்கிழமை கிளையில் கொடுத்து முத்திரை வாங்குவது நல்லது. புதிதாக இணையப் புகார் வைத்தாலும் பழைய எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஆம்புட்ஸ்மனிடம் போவதற்கான முப்பது நாள் கணக்கு முதல் எழுத்துப் புகாரிலிருந்து ஓடுகிறது. பழைய எண்ணை விட்டுவிட்டால் ஒவ்வொரு புகாரும் புதுப் புகாராகவே பார்க்கப்படும்.

அதற்கு மேலும் நகரவில்லை என்றால் வங்கியின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரி, முதன்மை நோடல் அதிகாரி என்று படிநிலை போட்டு மின்னஞ்சல் முகவரி தந்திருப்பார்கள். அதே கடிதம், அதே இணைப்புகள், முந்தைய இரண்டு குறிப்பு எண்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. மாற்றி மாற்றி எழுதினால் ஒரு கடிதத்துக்கும் இன்னொன்றுக்கும் தகவல் முரண்பட்டு அதுவே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

முதல் புகாருக்கு முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன். cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமில்லாமல் புகார் வைக்கலாம். வழி கேட்க 14448. வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே வந்தால் ஏற்க மாட்டார்கள். செல்வியின் கணக்கில் முப்பது நாள் ஏப்ரல் 8 அன்று முடிகிறது. பதிலே திருப்தியில்லாமல் மூடப்பட்டிருப்பதால் அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனாலும் 45,000 ரூபாய்க்கு, கிளைக் கடிதத்துக்கும் நோடல் அதிகாரிக்கும் ஒரு பத்து நாள் விட்டுப் பார்ப்பதுதான் என் கணிப்பில் வேகமான வழி. ஆம்புட்ஸ்மன் அலுவலகமும் முதலில் வங்கியிடம்தான் விளக்கம் கேட்கும். தொகை பல லட்சமாக இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன்.

பணம் திரும்பிய பிறகு

மார்ச் 15 அன்று 45,000 ரூபாய் செல்வியின் கணக்குக்குத் திரும்பிவிட்டது என்று கொள்வோம். ஸ்டேட்மென்ட்டில் அதே ஆர்.ஆர்.என். போட்டு வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ அனுப்பிய வேறு பணமாக இருந்துவிடக் கூடாது. 9ஆம் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரை ஏழு நாள், 700 ரூபாய் தனி வரியாக வந்திருக்க வேண்டும். பல நேரம் அசல் வந்துவிடும், இது வராது. அசல் வந்ததும் "புகாரை முடித்துக்கொள்ளலாமா" என்று கேட்டு எஸ்.எம்.எஸ்.ஸோ போனோ வரும். அதற்குச் சரி என்று சொல்வதற்கு முன், "அசல் 15.03.2025 அன்று கிடைத்தது; 09.03.2025 முதல் 15.03.2025 வரை ரூ.700 இழப்பீடு இன்னும் வரவாகவில்லை" என்று அதே புகார் எண்ணில் பதில் எழுதுங்கள். ஓனருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: தன் வங்கியில் அவர் கொடுத்த கடிதத்தை அவரும் முடித்துக்கொள்ள வேண்டும்.